மூன்று அறைகளோடு ஹோம்ஸ்டே தொடங்குவது எப்படி?

கேள்வி: பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் வீட்டில் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன. அவற்றை ஹோம்ஸ்டேயாக விடலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். காலை உணவும் கொடுக்க ஆசை. அறைகளை எப்படித் தயார்செய்வது, முன்பதிவை எப்படிக் கையாள்வது, வருகிறவர்களின் விவரங்களை எதில், எவ்வளவு எழுதிவைப்பது? எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

முன்பதிவு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் பிறகு. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: அறைக்கு வர்ணம் அடித்து, படம் எடுத்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, முதல் விருந்தினர் வந்த பிறகுதான் நோட்டைத் தேடுகிறார்கள். சிறிய விடுதியில் அன்றன்று நடக்க வேண்டிய எல்லாமே அந்த ஓர் அட்டவணையிலிருந்துதான் கிளம்புகிறது. எந்த அறையைச் சுத்தம் செய்வது, நாளைக் காலை எத்தனை பேருக்குச் சமைப்பது, இன்று யாருடைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவது என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு வீட்டில் கட்டணம் வாங்கித் தங்க வைக்கலாமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தங்கும் அறைகளுக்கான தீ பாதுகாப்பு விதிகளைத் தீயணைப்புத் துறையிடமும், சமைத்துக் கொடுப்பதற்குத் தனிப் பதிவு தேவையா என்பதை உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் கேளுங்கள். நான்காவது, பலரும் மறக்கிற இடம், உங்கள் காப்பீட்டு நிறுவனம். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். காசு கொடுத்துத் தங்குகிறவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் அது கை விரித்துவிடக்கூடும். அதைத் தொலைபேசியில் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் கடன் ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இனி அட்டவணை. ஒரு பெரிய தாளில் தேதிகள் கீழ்நோக்கி, அறைகள் பக்கவாட்டில். ஒவ்வொரு கட்டமும் ஓர் இரவு. ‘நாள்’ என்று எண்ணாமல் ‘இரவு’ என்று எண்ணுவதுதான் இதன் அடிப்படை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர் வெள்ளி, சனி ஆகிய இரண்டு கட்டங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். ஞாயிறு கட்டம் காலி. அன்று பகலிலேயே இன்னொருவர் வரலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் புறப்படும் தேதியையும் சேர்த்து அடைத்துவிட்டு, விற்கக்கூடிய இரவுகளைத் தாங்களே இழக்கிறார்கள். முன்பதிவுத் தளங்கள் தமக்குள் நாட்காட்டியைப் பரிமாறிக்கொள்ளும் கோப்பும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் மேற்சொன்ன முன்பதிவு இப்படி இருக்கும்:

```
DTSTART;VALUE=DATE:20260313
DTEND;VALUE=DATE:20260315
```

2026 மார்ச் 13 வெள்ளி, 15 ஞாயிறு. இரண்டாவது வரியில் உள்ள தேதி அடைக்கப்பட்ட இரவு அல்ல. அது புறப்படும் நாள். இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்கவும் இதிலிருந்தே வழி கிடைக்கிறது. புதியவர் வரும் தேதி பழையவர் புறப்படும் தேதிக்கு முன்பாகவும், புதியவர் புறப்படும் தேதி பழையவர் வரும் தேதிக்குப் பின்பாகவும் இருந்தால் மோதல். இரண்டில் ஏதாவது ஒன்று அப்படி இல்லாவிட்டால், ஒருவர் போகிற அன்றே மற்றவர் வந்தாலும், மோதல் இல்லை.

நீங்கள் இரண்டு இணையதளங்களில் அறையைப் பட்டியலிட்டு, ஒன்றின் நாட்காட்டி இணைப்பை இன்னொன்றில் ஒட்டிவைப்பீர்கள். தளங்களில் இது பொதுவாக `iCal` என்ற பெயரில் இருக்கும். இலவசம், எளிது. ஆனால் அது உடனுக்குடன் நடப்பதில்லை. ஒரு தளம் மற்றதன் கோப்பை அவ்வப்போது போய் எடுத்துப் பார்க்கிறது. அந்த இடைவெளி சில நேரம் சில மணி நேரமாகக்கூட இருக்கும். அதற்குள் அதே அறை அங்கும் விற்றுவிடலாம். சானல் மேனேஜர் என்ற கட்டண மென்பொருள் தளங்களோடு நேரடியாக இணைந்து இந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிடும். மூன்று அறைக்கு அது தேவையா என்றால், ஒரே ஒரு தளத்தில் மட்டும் இருக்கிறவரை தேவையில்லை என்பேன். மூன்று தளங்களில் இருக்க ஆசைப்பட்டால் வாங்கிவிடுங்கள்.

எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாத மோதல் ஒன்று இருக்கிறது: தொலைபேசி முன்பதிவு. சனிக்கிழமை மாலை, சமையலறையில் கை ஈரமாக இருக்கிறது. முன்பு வந்து தங்கியவர் கூப்பிட்டு, “அடுத்த வாரம் வெள்ளி, சனி அறை இருக்குமா?” என்கிறார். நீங்கள் அட்டவணையைப் பார்த்து “இருக்கிறது, வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, பிறகு கணினியில் அடைத்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடர்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தில் இணையத்தில் ஒருவர் அதே அறையை எடுத்துவிடுகிறார். ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். கூப்பிட்டவரை இணைப்பில் வைத்துக்கொண்டே முதலில் தளத்தில் அந்த இரவுகளை அடையுங்கள். அடைபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் வாயால் சம்மதம். உங்கள் கணவர் தொலைபேசியை எடுத்தாலும் இதே வரிசைதான். இருவரும் கையாளும் தாள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு நோட்டு என்றால் மோதல் உறுதி.

இவ்வளவுக்குப் பிறகும் என்றாவது ஒரு நாள் மோதும். அப்போது தளத்தில் முன்பதிவை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். விருந்தளிப்பவர் செய்யும் ரத்துக்குத் தளங்கள் பெரும்பாலும் அபராதம் விதிக்கின்றன, அல்லது பட்டியலில் கீழே தள்ளுகின்றன. முதலில் இருவரில் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர் யார் என்று பாருங்கள். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, இதே தரத்தில் பக்கத்தில் ஓர் அறையை நீங்களே பிடித்துக் கொடுத்து, கட்டண வித்தியாசத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்காகவே அருகில் இருக்கும் இரண்டு விடுதிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அவர்கள் இதைப் போட்டியாக நினைப்பதில்லை. அவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. மூன்று அறைகளையும் முதல் நாளே விற்பனைக்கு விடாதீர்கள். இரண்டை மட்டும் விடுங்கள். மூன்றாவதைத் தயாராக வைத்து, பூட்டி வையுங்கள். குழாய் உடையும், குளிர்சாதனம் நின்றுபோகும், மேலே சொன்ன மோதல் வரும். அப்படிப்பட்ட நேரத்தில் விருந்தினரை மாற்றுவதற்குக் கையில் ஓர் அறை இருப்பது முதல் ஆறு மாதங்களில் அந்த அறை கொண்டுவரும் வருமானத்தைவிட மதிப்புள்ளது. ஓட்டம் பிடிபட்ட பிறகு மூன்றையும் திறக்கலாம்.

இரண்டு அறை என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் சுத்தம் செய்யும் நேரம். புறப்படும் நேரம் காலை 11 மணி, வரும் நேரம் பிற்பகல் 2 மணி என்று வைத்தால் நடுவில் மூன்று மணி நேரம். ஓர் அறையை உண்மையாகச் சுத்தம் செய்ய, அதாவது படுக்கை விரிப்புகளை மாற்றி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி உலரவிட்டு, தரையைத் துடைத்து, மின்விளக்கு முதல் வெந்நீர் வரை போட்டுப் பார்க்க, ஒருவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டு அறைக்கு இரண்டரை மணி, சமாளிக்கலாம். மூன்று அறைக்கு மூன்றேமுக்கால் மணி, முடியாது. மூன்று அறைகளும் ஒரே நாளில் காலியாகி ஒரே நாளில் நிரம்பினால், மூன்றாவது அறைக்காரர் பெட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவசரத்தில் துடைத்த குளியலறையில் ஒரு முடி கிடந்தாலும் போதும், அதுதான் மதிப்புரையில் முதல் வரியாக வரும். வரும் நேரத்தை 3 மணி ஆக்குவது, உதவிக்கு ஒருவரை வைப்பது, குறைந்தது இரண்டு இரவு என்று விதிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்தால்தான் மூன்று அறை நடக்கும். இரண்டு இரவு விதி வைத்தால், நடுவில் ஒற்றை இரவு காலியாக மாட்டிக்கொள்ளும். ஒருவர் ஞாயிறு போகிறார், அடுத்தவர் திங்கள் வருகிறார் என்றால் அந்த ஞாயிறு இரவை யாராலும் எடுக்க முடியாது. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்த வாரம் ஒருமுறை அட்டவணையைக் கண்ணோட்டம் விடுங்கள்.

அறைகளைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு அறையிலும் நீங்கள் இருவரும் ஓர் இரவு முழுக்க, உங்கள் பொருட்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, விருந்தினரைப் போலவே தங்கிப் பாருங்கள். கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டுகிற இடத்தில் மின்செருகி இல்லை என்பது அப்போதுதான் தெரியும். குளியலறையில் துணி மாட்டக் கொக்கி இல்லை, திரைச்சீலை ஓரத்தில் தெருவிளக்கு முகத்தில் அடிக்கிறது, விடியற்காலையில் மோட்டார் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது என்பதெல்லாம் பகலில் அறையைச் சுற்றிப் பார்க்கும்போது கண்ணில் படாது. படுக்கை விரிப்பு, உறை, துண்டு ஒவ்வொன்றும் கட்டிலுக்கு மூன்று தொகுதி வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு தொகுதியோடு தொடங்கினால், துணி காயாத முதல் மழை நாளிலேயே திண்டாட்டம்தான். எல்லாம் வெள்ளையாக வாங்கிவிட்டால் ஒன்று கிழிந்தாலும் இன்னொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கறையும் உடனே தெரியும். மெத்தைக்கு நீர் புகாத உறை கட்டாயம். ஒவ்வொரு அறையிலும் புகை அறிவிப்புக் கருவி ஒன்று. எரிவாயு அல்லது விறகில் இயங்கும் எதுவும் வீட்டில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வெந்நீரை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் புகார்கள் அதிகம் வருவது அதில்தான். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 7 நிமிடம் குளித்தால் 56 லிட்டர். குளிக்கும் சூடு சுமார் 40 டிகிரி. குழாயில் வரும் தண்ணீர் 20 டிகிரி, தொட்டியில் இருப்பது 60 டிகிரி என்றால் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். ஆக ஒருவருக்கு 28 லிட்டர் கொதிகலன் நீர். உங்கள் குளியலறையில் 25 லிட்டர் ஹீட்டர் இருந்தால் முதலில் குளிப்பவருக்கே கடைசி நிமிடம் தண்ணீர் ஆறிவிடும். அடுத்தவர் காத்திருக்க வேண்டும்: 2 கிலோவாட் ஹீட்டர் 25 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 நிமிடம் எடுக்கும். இருவர் அறைக்கு 50 லிட்டர் தொட்டி வைப்பது, அல்லது ஷவர் தலையை நிமிடத்துக்கு 6 லிட்டர் விடுவதாக மாற்றுவது, இரண்டும் பலன் தரும். தொட்டியின் சூட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று 45 டிகிரிக்குக் குறைக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி பெருகும். 60 டிகிரியில் சேமிக்கச் சொல்வது அதற்காகத்தான். அதேபோல் ஓர் அறை ஒரு வாரமாகப் பூட்டியே கிடந்திருந்தால், விருந்தினர் வருமுன் குழாய்களைச் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள்.

காலை உணவு அட்டவணையிலிருந்து வருகிறது என்றேன் அல்லவா? அதைப் படிக்கும் முறை: இன்று காலைக்கான எண்ணிக்கை நேற்றைய வரிசையில் இருக்கிறது. முதல் அறையில் இருவர் வெள்ளி வந்து ஞாயிறு போகிறார்கள், இரண்டாம் அறையில் குழந்தையோடு மூவர் சனி வந்து ஞாயிறு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை சாப்பாடு, வெள்ளி இரவு தங்கியவர்களுக்கு. ஆக இரண்டு பேர். ஞாயிறு காலை ஐந்து பேர். சனிக்கிழமை வரிசையைப் பார்த்து சனிக்கிழமை காலைக்கே ஐந்து பேருக்கு மாவைக் கரைத்துவிட்டால் அத்தனையும் வீண். ஒவ்வொரு கட்டத்திலும் பெயருக்குப் பக்கத்தில் தலை எண்ணிக்கையும், ஒவ்வாமை இருந்தால் சிவப்பு மையில் அதையும் எழுதுங்கள். ஒவ்வாமையை முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு விற்பவர் தெரிவித்தே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களாக 14 வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை போன்ற பசையத் தானியங்கள், எள், மீன், சோயா எல்லாம் அதில் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பட்டியலை அச்சிட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். நிலக்கடலை ஒவ்வாதவருக்குக் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருவது போதாது. அதே கரண்டி, அதே எண்ணெய், அதே வாணலி பட்டாலே ஆபத்து.

பண்டங்களைக் குறையுங்கள். சூடாக ஒன்று, சூடில்லாமல் இரண்டு மூன்று. சூடானதை ஆள் வந்த பிறகு செய்து கொடுங்கள். ஐந்து பேருக்கு அது பெரிய வேலையில்லை, மிச்சமும் விழாது. முன்கூட்டியே செய்து வைக்கத்தான் வேண்டுமென்றால் 60 டிகிரிக்கு மேல் சூடாக வையுங்கள்; பால், தயிர், வெட்டிய பழம் போன்றவை 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன, அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவைப் பரிமாறாதீர்கள். ஓர் உணவு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். கையால் தொட்டுப் பார்த்து இந்த எண்களைச் சொல்ல முடியாது. சாப்பிடும் நேரத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் வைத்து, முந்தைய இரவே யார் எப்போது வருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்கு எழுந்து சமைக்கிறேன் என்று சம்மதித்தால் அன்றைய நாள் முழுக்க உங்களுக்குத் தூக்கக் கலக்கம். பொட்டலம் கட்டி இரவே கொடுத்துவிடலாம், அறை வெப்பத்தில் கெடாத பண்டங்களாக.

காலை உணவை அறைக் கட்டணத்தில் சேர்ப்பதா, தனியாக வாங்குவதா? தனியாக என்பேன். அறைக்கு 100, ஓர் ஆளின் காலை உணவுக்கு 8 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து 116 என்று தளத்தில் போட்டால், தளம் 15 சதவீதம் தரகு பிடிக்கும் பட்சத்தில் 17.40 போகும். அறையை மட்டும் போட்டிருந்தால் 15 தான். அதாவது உங்கள் அடுப்பில் வெந்த உணவுக்கும் தளத்துக்குப் பங்கு கொடுக்கிறீர்கள். தனியாளாக வருகிறவர் சாப்பிடாத இன்னொரு சாப்பாட்டுக்கும் பணம் கட்டுகிறார்; அவர் அதைக் கேட்காமல் விடமாட்டார். தனியாக வைத்தால், வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்பார், உங்களுக்கு எண்ணிக்கை முன்பே தெரியும். ‘காலை உணவு உட்பட’ என்ற வரியைப் பார்த்துத்தான் அறையைத் தேர்ந்தெடுக்கும் பயணிகளும் உண்டு. அவர்களில் சிலரை இழப்பீர்கள். தொடக்கத்தில் அது பரவாயில்லை.

இனி விருந்தினர் பதிவேடு. முன்பதிவு அட்டவணையும் பதிவேடும் ஒன்றல்ல. அட்டவணை உங்களுக்காக, அதில் முன்பதிவு செய்தவர் பெயர் போதும். பதிவேடு அரசுக்காக, அதில் உண்மையாக வந்து தங்கும் ஒவ்வொருவரும் இருக்க வேண்டும். முன்பதிவு செய்தவர் ஒருவர், வருகிறவர் அவருடைய அண்ணன் என்பது அடிக்கடி நடக்கும். இருவர் என்று சொல்லி மூவர் வருவார்கள். நடுவில் ஒரு நண்பர் வந்து ஓர் இரவு தங்குவார். யார் வந்தாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். “களைப்பாக இருக்கிறார்கள், காலையில் எழுதிக்கொள்ளலாம்” என்று விட்டால், காலையில் அவர்கள் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள்.

எந்த விவரங்கள், எவ்வளவு காலம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அது எந்த அளவுக்கு மாறும் என்று தெரிய இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன். பிரிட்டனில் 1972ஆம் ஆண்டு ஆணைப்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருடைய முழுப் பெயரும் நாட்டுரிமையும் எழுதி 12 மாதம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவரென்றால் பாஸ்போர்ட் எண்ணும், அடுத்துப் போகும் இடமும் சேரும். ஸ்பெயினில் 2024 டிசம்பர் 2 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்றி, மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால், சி படிவம் என்று நீண்ட காலமாக அறியப்படும் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அனுப்ப வேண்டும். ஓர் அறை மட்டும் உள்ள ஹோம்ஸ்டேக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது: 2025 ஜனவரி முதல் சொந்த நாட்டினருக்கான பதிவுத் தாளைக் கைவிட்டது, வெளிநாட்டவருக்கு மட்டும் அது தொடர்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சுற்றுலாத் துறையிலோ கேட்டு, முதல் விருந்தினர் வருமுன்பே இணையக் கணக்கைத் திறந்துவையுங்கள். கணக்குக்கு ஒப்புதல் கிடைக்கவே நாளாகலாம், ஆனால் 24 மணி நேரக் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது.

பொதுவாக எழுத வேண்டியவை: அடையாள ஆவணத்தில் உள்ளபடி முழுப் பெயர், நாட்டுரிமை, ஆவணத்தின் வகையும் எண்ணும், முகவரி, தொலைபேசி, வந்த தேதியும் நேரமும், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார், புறப்பட்ட தேதி, கையொப்பம். வெளிநாட்டவருக்கு விசா எண்ணும் நாட்டுக்குள் நுழைந்த தேதியும் கேட்கப்படலாம். எழுதும்போது தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று பெயர்: குடும்பப் பெயர் எது, சூட்டிய பெயர் எது என்று குழப்பம் வரும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில் இயந்திரம் படிப்பதற்கான இரண்டு வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயர் வரும், பிறகு `<<` என்ற இரட்டைக் குறி, அதன் பின் சூட்டிய பெயர். சந்தேகம் வந்தால் அந்த வரியைப் பாருங்கள். இரண்டாவது எண்: பூஜ்யத்தையும் `O` என்ற எழுத்தையும் மாற்றி எழுதுவது. மூன்றாவது தேதி: 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. பதிவேட்டில் மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நீளமான நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் என்று எழுதும் பழைய முறையை நான் விரும்புவதில்லை. இன்று வருகிறவர் கையொப்பமிடக் குனியும்போது நேற்று வந்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அவர் கண்ணில் படும். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இதைக் கவனிக்கிறார்கள், தயங்குகிறார்கள், அது நியாயம்தான். உங்கள் ஊர் விதி தைத்த பதிவேட்டைத்தான் கேட்கிறது என்றால் மேல் வரிகளை மூட ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்றால் ஆளுக்கொரு தாள், வரிசை எண்ணோடு. நிரப்பிய உடனே கோப்பில் போய்விட வேண்டும், மேசையில் கிடக்கக் கூடாது.

நகல் எடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவது வேறு, அதன் நகலை வைத்துக்கொள்வது வேறு. சில இடங்களில் நகல் கட்டாயம். சில இடங்களில், ஸ்பெயினைப் போல, நகல் எடுப்பதே தவறு என்று தரவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. விதி கேட்காத நகலை வாங்காதீர்கள். வைத்திருக்காத தாள் திருடு போகாது. விருந்தினரே முன்கூட்டிக் கைப்பேசியில் பாஸ்போர்ட் படத்தை அனுப்பிவிட்டால், விவரத்தை எழுதிக்கொண்டு படத்தை உரையாடலிலிருந்தும் படத்தொகுப்பிலிருந்தும் நீக்கிவிடுங்கள். பல கைப்பேசிகள் வந்த படத்தைத் தாமாகவே இன்னோர் இடத்திலும் சேமித்து வைத்திருக்கும், அங்கேயும் பாருங்கள்.

விருந்தினர் கிளம்பும்போது புறப்பட்ட தேதியை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான், ஏனென்றால் ஏட்டின்படி அவர் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறார். மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அட்டவணையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அட்டவணையில் நிரம்பிய ஒவ்வோர் இரவுக்கும் பதிவேட்டில் ஆள் இருக்க வேண்டும். பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அட்டவணையில் கட்டம் இருக்க வேண்டும். வரிக் கணக்குக்கும் இதே ஒப்பீடு உதவும். விதி சொல்லும் காலம் முடிந்த தாள்களை அப்போதே எடுத்துக் கிழித்து அழித்துவிடுங்கள், பழைய காகிதக்காரரிடம் போட வேண்டாம்.